மோட்டார் ராத்திரி முழுக்க ஓடுது சார்!

*(பம்பு, குழாய், பிரஷர் டேங்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்)*

மேலூர் பக்கத்துக் கிராமம். வீட்டுக் கிணற்றில் அரை எச்.பி. மோட்டாரும் 24 லிட்டர் பிரஷர் டேங்கும் வைத்திருக்கிறோம். தை மாசம் பொருத்தியபோது அருமையாக வேலை செய்தது. சித்திரை பிறந்ததும் மோட்டார் நிற்கவே மாட்டேன் என்கிறது. எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கிறது. பார்த்துப் பார்த்து ராத்திரி ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுப் படுக்கிறோம். ஸ்விட்ச் கெட்டுப்போச்சா?

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. இறங்கியது கிணற்றுத் தண்ணீர்.

மோட்டார் தகட்டில் 'மேக்ஸ் ஹெட்' என்று ஓர் எண் இருக்கும். உங்களுடையது 32 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். குழாயெல்லாம் மூடியிருந்தால் அந்த மோட்டார் அதிகபட்சம் 32 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். 10 மீட்டர் தண்ணீர் என்பது ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 3.2 கிலோ. ஆனால் கிணற்றிலிருந்து மோட்டார் வரை உறிஞ்சி எடுக்கும் உயரமும் இதே கணக்கில்தான் கழியும். தையில் தண்ணீர் மோட்டாருக்கு 3 மீட்டர் கீழே கிடந்தது. மிச்சம் 29 மீட்டர், அதாவது 2.9 கிலோ. ஸ்விட்சை 2.8 கிலோவில் நிற்கும்படி கடைக்காரர் வைத்துக் கொடுத்திருக்கிறார். முள் தட்டுத்தடுமாறி அங்கே போய்ச் சேர்ந்தது, மோட்டார் நின்றது.

இப்போது தண்ணீர் 7 மீட்டருக்குப் போய்விட்டது என்கிறீர்கள். 32-இல் 7 போனால் 25 மீட்டர், 2.5 கிலோ. மோட்டார் விடிய விடிய முக்கினாலும் 2.8 வராது. ஸ்விட்ச் அந்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். உள்ளே சுற்றும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சூடாகும், அதன்பின் சீல் போகும், கடைசியில் காயில். ராத்திரி வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் வேகமும் குறையும், இந்த 2.5-கூட வராது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மோட்டாரை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு கேஜைப் பாருங்கள். முள் எங்கே போய் ஆணியடித்தாற்போல் நிற்கிறதோ, அதுதான் இந்த மாதத்தில் உங்கள் மோட்டாரின் முழு பலம். நிறுத்தும் அழுத்தத்தை, அதாவது கட்-அவுட்டை, அதைவிட 0.3 கிலோவாவது கீழே வையுங்கள். உங்களுக்கு 2.2 கிலோ. இதைப் பார்க்க வேண்டியது கிணறு நிறைந்து கிடக்கும் மார்கழியில் இல்லை, அடிமட்டம் தெரியும் சித்திரை, வைகாசியில். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்து உங்கள் பக்கத்துக் கிணறுகள் ஊறிய பிறகு 2.2 எந்தச் சிரமமும் இல்லாமல் வந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தண்ணீர் இன்னும் இறங்கி 7, 8 மீட்டரைத் தாண்டினால் மேலே வைத்த மோட்டாரால் உறிஞ்சவே முடியாது. அது ஸ்விட்சைத் திருகிச் சரியாகிற சமாசாரம் இல்லை. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குவது பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

அதே வாசகர், அடுத்த வாரம்: கட்-அவுட்டை 2.2 ஆக்கினோம், மோட்டார் நிற்கிறது. நன்றி. ஆனால் இப்போது வேறு வியாதி. ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தால் மோட்டார் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது. 'டக், டக்' என்று நாள் முழுக்க ஒரே சத்தம். டேங்கை மாற்றச் சொல்கிறார் பிளம்பர்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

அந்த இரும்பு உருண்டைக்குள் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் உள்ளே போகப் போகக் காற்று நசுங்கும். குழாயைத் திறந்தால் அந்தக் காற்றுதான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, மோட்டார் இல்லாமலே. ஆகவே டேங்க் காலியாக இருக்கும்போது அதில் எவ்வளவு காற்று அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், மோட்டார் ஓடாமல் எத்தனை சொம்பு கிடைக்கும் என்பது.

உங்கள் டேங்கின் ஸ்டிக்கரில் 2 கிலோ என்று போட்டிருக்கிறது என்கிறீர்கள். கம்பெனியிலிருந்து அப்படித்தான் வரும். உங்கள் ஸ்விட்சை அவர்கள் பார்த்ததில்லையே! மோட்டார் நிற்பது 2.2-இல், காற்று ஏற்கெனவே 2. தண்ணீர் நுழைந்து காற்றை நசுக்க இடமே இல்லை. கணக்குப் போட்டால் 24 லிட்டர் டேங்கில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் போய் உட்காரும். உங்கள் சொம்புக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு வரிசை உண்டு. பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வீட்டைப் பார்த்து கட்-இன், அதாவது மோட்டார் கிளம்பும் அழுத்தம். அடுத்து மோட்டாரையும் கிணற்றையும் பார்த்து கட்-அவுட். கடைசியில், கட்-இன்னைப் பார்த்துக் காற்று. காற்றை முதலில் அடித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப இழுப்பது வேலைக்கு ஆகாது.

கட்-இன்: உங்கள் மாடி ஷவர், மோட்டாரிலிருந்து 5 மீட்டர் உயரத்தில். அதற்கு 0.5 கிலோ. ஷவர் ஒழுங்காகக் கொட்ட இன்னொரு 0.5. வழியில் பைப், எல்போ எல்லாம் தின்பதற்கு 0.2. ஆக 1.2 கிலோ. கட்-அவுட் 2.2 என்று போன வாரமே முடிவாகிவிட்டது. இடைவெளி ஒரு கிலோ. இதைவிட நெருக்கினால் பல ஸ்விட்சுகள் ஒத்துக்கொள்ளாது, மோட்டாரும் அடிக்கடி தட்டும்.

காற்று: கட்-இன்னுக்கு 2 பி.எஸ்.ஐ. கீழே. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. உங்கள் 1.2 கிலோ 17 பி.எஸ்.ஐ. ஆக 15 அடியுங்கள். இப்போது கணக்கைப் பாருங்கள்: மோட்டார் நிற்கும்போது காற்று 15½ லிட்டருக்கு நசுங்கியிருக்கும், மறுபடி கிளம்பும் நேரத்தில் 22½ லிட்டருக்கு விரிந்திருக்கும். நடுவில் உள்ள 7 லிட்டர் மோட்டார் இல்லாமல் உங்களுக்குக் கிடைக்கும். ஒன்றரை எங்கே, ஏழு எங்கே! டேங்க் அதேதான். செலவு, பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு டீ.

காற்று அளவை எப்படிப் பார்ப்பது? கேஜில் 2 என்று காட்டுகிறதே, அதுதானே? *(திருமங்கலம்)*

இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தம். அப்போது காற்றை அளந்தாலும் அதே எண்தான் வரும், ஏனென்றால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நிறையப் பேர் இப்படி அளந்து, "2 கிலோ இருக்கு, போதும்" என்று மூடியைப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் மோட்டாரின் மெயினை அணையுங்கள். ஸ்விட்ச் மூடிக்குள் 230 வோல்ட் திறந்து கிடக்கிறது, விளையாட்டில்லை. பிறகு இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீர் முழுக்க வடியட்டும். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அந்தக் குழாயை மூடாதீர்கள். டேங்கின் தலையில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஸ்கூட்டர் டயரில் இருக்கும் அதே வால்வு. டயர் கேஜை வைத்து அளங்கள். குறைந்தால் கால் பம்பால் அடியுங்கள், கூடினால் ஊசியை அமுக்கி விடுங்கள்.

வால்வை அமுக்கியதும் காற்றுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சினால், உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. எத்தனை அடித்தாலும் நிற்காது. சில டேங்குகளில் ரப்பரை மட்டும் மாற்றலாம், சிலவற்றில் டேங்கையே மாற்ற வேண்டும்.

டயர் கேஜ் இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, ஒரு குழாயை நூல் பிடித்தாற்போல் லேசாகத் திறந்துவிட்டு, கேஜை விட்டுக் கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். முள் நிதானமாக இறங்கிக்கொண்டே வரும். 1.8, 1.6, 1.4... ஓர் இடத்தில் திடீரென்று பொத்தென்று பூஜ்யத்தில் விழும். அது எந்த எண்ணிலிருந்து விழுந்ததோ, அதுதான் உங்கள் டேங்கின் காற்று. அந்த இடம் கட்-இன்னுக்கு மேலே இருந்தால், குளிக்கும்போது தண்ணீர் ஒரு நொடி நின்று, பிறகு இடித்துக்கொண்டு வருமே, அதன் காரணம் கையில் கிடைத்துவிட்டது. டேங்க் காலியாகிவிட்டது, மோட்டார் இன்னும் கிளம்பவில்லை.

காற்று குறைவாக இருந்தால் என்ன? அதிகத் தண்ணீர் போகும்தானே? நல்லதுதானே? *(சோழவந்தான்)*

உள்ளே போகும். வெளியே வருவது குறையும். மேலூர்க்காரரின் டேங்கிலேயே காற்று 0.3 கிலோவுக்குக் குறைந்துவிட்டதாக வையுங்கள். மோட்டார் நிற்கும்போது உள்ளே 14 லிட்டர் தண்ணீர் இருக்கும், பார்க்கத் தாராளம். ஆனால் 1.2-க்கு வந்ததும் மோட்டார் கிளம்பிவிடுமே, அதற்குள் வெளியே வருவது நாலரை லிட்டர்தான். மீதி ஒன்பது லிட்டருக்கு மேல் சும்மா உள்ளே உட்கார்ந்து ரப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் ரப்பர் தேவைக்கு மேல் விரிந்து விரிந்து, ஒரு நாள் கிழியும்.

ஸ்விட்ச் மூடியைக் கழற்றினால் பெரிய ஸ்பிரிங் ஒன்று, சின்னது ஒன்று. எதைத் திருக? *(ஒத்தக்கடை)*

மெயினை அணைத்துவிட்டீர்கள்தானே? நல்லது. பெரிய ஸ்பிரிங்கின் நட்டை வலப்பக்கம் திருகினால் கட்-இன், கட்-அவுட் இரண்டும் சேர்ந்து ஏறும், இடப்பக்கம் திருகினால் இரண்டும் இறங்கும். சின்னதை வலப்பக்கம் திருகினால் கட்-அவுட் மட்டும் ஏறும். ஆகவே பெரியதில் கட்-இன்னைச் சரிசெய்துவிட்டு, பிறகு சின்னதில் கட்-அவுட். தலைகீழாகச் செய்தால் ஒன்றைத் தொட மற்றது கெட்டு, சாயங்காலம் வரை அங்கேயே இருப்பீர்கள். ஒரு தடவைக்கு ஒரு சுற்று திருகி, மூடியைப் போட்டு, மின்சாரம் கொடுத்து, குழாயை லேசாகத் திறந்து, 'டக்' என்று கேட்கும் நேரத்தில் முள் எங்கே என்று பாருங்கள். ஒரே ஸ்பிரிங் உள்ள ஸ்விட்சும் சந்தையில் உண்டு. அதில் இடைவெளியை மாற்ற முடியாது.

மூன்று மாடி வீடு, பிரஷர் பம்ப் கீழே சம்ப் பக்கத்தில். கடைசி மாடியில் குழாயைத் திறந்தால் நாலு சொட்டு வந்து நின்றுவிடுகிறது. கீழே யாராவது குழாயைத் திறந்தால்தான் மேலே வருகிறது. நாத்தனார் மாடியிலிருந்து கத்துகிறார், நான் அடுப்படிக் குழாயைத் திறக்கிறேன். இது குடும்பப் பிரச்சினையா, பம்பு பிரச்சினையா? *(பொன்மேனி)*

பம்புதான். நாத்தனார் மேல் தப்பில்லை.

உங்கள் கடைசி மாடிக் குழாய் பம்பிலிருந்து 12 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குப் பைப்பில் தண்ணீர் நிற்கிறதே, அதன் பாரமே கீழே இருக்கும் ஸ்விட்சில் 1.2 கிலோவாகத் தெரியும். உங்கள் கட்-இன் 1 கிலோ. மேலே ஒரு சொட்டுகூட வராத நேரத்திலும் கீழே ஸ்விட்ச், "1.2 இருக்கே, எனக்கு என்ன வேலை?" என்று சும்மா இருக்கிறது. நீங்கள் அடுப்படியில் திறந்ததும் அந்த நிற்கும் தண்ணீர் வடிந்து 1-க்குக் கீழே வருகிறது, மோட்டார் கிளம்புகிறது.

கட்-இன்னை 1.9-க்குக் கொண்டுபோங்கள். உயரத்துக்கு 1.2, ஷவருக்கு 0.5, வழிச் செலவுக்கு 0.2. கட்-அவுட் 2.9. டேங்கில் காற்று 25 பி.எஸ்.ஐ. இதற்கு உங்கள் பம்பு 32 மீட்டருக்கு மேலாவது ஹெட் உள்ளதாக இருக்க வேண்டும், தகட்டைப் பாருங்கள். இல்லையென்றால் மேலூர்க்காரர் கதைதான்.

புது வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்வது: பம்பையும் டேங்கையும் மொட்டைமாடியில் ஓவர்ஹெட் டேங்கின் காலடியில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. உயரம் நமக்கு எதிராக நிற்காமல் நம் பக்கம் வந்துவிடும். கட்-இன் ஒரு கிலோவே தாராளம்.

மொட்டைமாடியில்தான் வைத்திருக்கிறேன். காலையில் காற்று 15 காட்டுகிறது, மத்தியானம் 17. கேஜ் பொய் சொல்கிறதா? *(அவனியாபுரம்)*

கேஜ் உண்மை சொல்கிறது, வெயிலும்தான். காலி டேங்க் 28 டிகிரியிலிருந்து 48 டிகிரிக்குச் சூடானால் உள்ளே காற்று சரியாக 2 பி.எஸ்.ஐ. ஏறும். நாம் கட்-இன்னுக்குக் கீழே விட்ட இடைவெளியே 2 தானே, அதை மதுரை வெயில் ஒரே மத்தியானத்தில் தின்றுவிடும். காற்றைக் காலையில் வெயில் ஏறுமுன் அளங்கள், டேங்குக்கு மேல் ஒரு தகரமோ கீற்றோ போடுங்கள். ரப்பருக்கும் நல்லது.

யாரும் குழாயைத் தொடாமலே நடுராத்திரியில் மோட்டார் ஓடுகிறது. பேயா? *(வாடிப்பட்டி)*

பேய் என்றால் தினமும் ஒரே நேரத்துக்கு வரும் என்பார்கள். உங்களுடையது இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் வருகிறதே.

டேங்கைத் தாண்டி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கேட் வால்வு இருக்கும். அதை மூடிவிட்டுக் கேஜைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் ஒழுக்கு வீட்டுக்குள், முதலில் கக்கூஸ் சிஸ்டர்னைப் பாருங்கள். வால்வை மூடியும் முள் இறங்கினால் தண்ணீர் வந்த வழியே கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஃபுட் வால்வில் மண்ணோ குச்சியோ மாட்டியிருக்கும், அல்லது மோட்டாருக்கும் டேங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வே இருக்காது. இதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை, டேங்கைத் திட்டாதீர்கள்.

கேஜில் 3 காட்டுகிறது, குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது, மோட்டாரும் கிளம்பவில்லை. *(கே.கே. நகர்)*

உப்புத் தண்ணீர் போரா? ஸ்விட்சுக்கும் கேஜுக்கும் போகிற கால் இன்ச் துளையில் உப்பும் துருவும் அடைத்திருக்கும். அடைப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பழைய அழுத்தத்தை இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, ஸ்விட்சைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் நட்டைத் திருகினால் இருந்த அளவும் போய்விடும்.

போர் மோட்டாரையே நேரடியாகப் பிரஷர் டேங்கில் கொடுத்தால் ஒரு மோட்டார் மிச்சமாகுமே? *(அலங்காநல்லூர்)*

வெளிநாட்டுப் படங்களில் அப்படித்தான் காட்டுவார்கள். அங்கே தண்ணீர் மேலே கிடைக்கும் இடங்களில் சரிவரும். இங்கே பாறை பூமி. சப்மெர்சிபிள் மோட்டாரின் ஹெட் 120 மீட்டர், போரில் தண்ணீர் 40 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். ஸ்விட்ச் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போனால், உங்கள் வீட்டுப் பைப்பில் 8 கிலோ ஏறும். எந்த ஜாயின்ட் முதலில் தெறிக்கும் என்று பந்தயம் கட்டலாம். மறுபக்கம், ஊற்று குறைந்த போரில் தண்ணீர் தீர்ந்தாலும் அழுத்தம் வரவில்லையே என்று மோட்டார் வெறுமனே சுற்றும். சம்பிலோ சின்டெக்சிலோ நிரப்புங்கள், அங்கிருந்து அரை எச்.பி.யும் டேங்கும் வையுங்கள். மோட்டார் மிச்சம் பார்த்தால் போரே போகும்.

24 லிட்டர் போதுமா, 100 வாங்கவா? *(திருநகர்)*

குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ 24 போதும். தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டிருந்தால் 100. சொட்டுக் குழாய் நிமிஷத்துக்கு 3 லிட்டர் எடுத்தால், 7 லிட்டர் இருப்பு இரண்டரை நிமிஷம்கூடத் தாங்காது. மோட்டார் கிளம்பி, கால் நிமிஷத்தில் நிரப்பி, நின்று, மறுபடி கிளம்பி... ஒவ்வொரு கிளம்பலும் காயிலுக்கு அடி. 100 லிட்டரில் அதே அளவுகளுக்கு 29 லிட்டர் இருப்பு கிடைக்கும், மோட்டாரும் ஒரு நிமிஷமாவது தொடர்ந்து ஓடி மூச்சு விடும்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன்? *(அண்ணா நகர்)*

அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் அளக்கிறவருக்கு பைக்குக்கு அடிக்கிற காற்றே போதும். அளக்காதவருக்கு நைட்ரஜனும் உதவாது.

மாநகராட்சிக் குழாயிலேயே பிரஷர் பம்பை நேரடியாக மாட்டினால் என்ன ஆகும்? *(செல்லூர்)*

தண்ணீர் விட்டதும் கட்-இன், அதிகாரி வந்ததும் கட்-அவுட். மோட்டார் அவர்களோடு ஜீப்பில் போகும். அதுமட்டுமில்லை, தெருக் குழாயில் எங்காவது ஜாயின்ட் விட்டிருந்தால், நீங்கள் உறிஞ்சும் வேகத்தில் பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வரும். தானாக வருவதைச் சம்பில் விழவிட்டு, சம்பில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்சும் போட்டு, அதிலிருந்து பம்பு வையுங்கள். சம்ப் காலியானால் மோட்டாரை நிறுத்துகிற ஃப்ளோட்டாகக் கேட்டு வாங்குங்கள். நிறைந்ததும் நிறுத்துகிறது வேறு வேலைக்கு.